எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பைத் தொடங்கலாம்?

கட்டண வகுப்பு நடத்துபவர்கள் ஒவ்வொரு பேட்சுக்கும் முன்பு ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். இதுவரை சேர்ந்தவர்களை வைத்துத் தொடங்குவதா, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரத்து செய்வதா? பெரும்பாலானவர்கள் இதைத் தொடக்க நாளுக்கு முந்தைய இரவில், மனம் போகிற போக்கில் முடிவு செய்கிறார்கள். 5 பேர் சேர்ந்திருந்தால் "இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம்" என்று தோன்றும். 8 பேர் சேர்ந்திருந்தால் "எப்படியோ சமாளிப்போம்" என்று தோன்றும். இந்த இரண்டு எண்ணங்களாலும் பணம் போகிறது, பெயரும் கெடுகிறது.

இந்த அத்தியாயம் சொல்வது இதைத்தான்: குறைந்தபட்ச எண்ணிக்கை என்பது ஒரே எண் அல்ல. வகுப்பைத் திட்டமிடும்போது ஓர் எண், முடிவெடுக்கும் நாளில் வேறோர் எண். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். இரண்டையும் முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி வைத்துவிட்டால், முடிவு நாளன்று யோசிப்பதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வகுப்பு

பெங்களூருவில் வேலைக்கு வந்த தமிழர்களுக்குப் பேச்சுக் கன்னடம் கற்றுத்தரும் தொடக்கநிலை வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆட்டோ ஓட்டுநரிடமும் காய்கறிக் கடையிலும் அடுக்குமாடிக் காவலரிடமும் தடுமாறாமல் பேச வேண்டும் என்பதே பாடத்தின் இலக்கு. சனி, ஞாயிறு காலைகளில் ஒன்றரை மணி நேரம், 8 வாரம், மொத்தம் 16 வகுப்புகள். இடம் இந்திராநகர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சிறு ஹால். 2023 அக்டோபரில் பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டு வரை முழுமையாக ஓடத் தொடங்கிய பிறகு, அந்தப் பக்கத்து ஐடி ஊழியர்களும் ரயில் மாறாமல் இங்கே வந்துவிடலாம்.

கட்டணம் ஆளுக்கு 6,000 ரூபாய். கீழே வரும் தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நான் வைத்தவை. உங்கள் பகுதியின் வாடகையையும் உங்கள் ஆசிரியரின் ஊதியத்தையும் அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் மாறாத செலவுகள்:

- ஆசிரியர் ஊதியம், வகுப்புக்கு 1,500 வீதம்: 24,000
- ஹால் வாடகை, வகுப்புக்கு 800 வீதம்: 12,800
- விளம்பரம்: 5,000
- ஒருங்கிணைக்கும் உங்கள் உழைப்புக்கு: 6,000
- மொத்தம்: 47,800

ஒவ்வொருவர் சேரும்போதும் கூடும் செலவுகள்:

- புத்தகம், ஜெராக்ஸ்: 400
- 16 வகுப்புகளுக்கும் டீ, பிஸ்கட்: 400
- பேமென்ட் கேட்வே கட்டணம்: 142
- மொத்தம்: 942

கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்றும், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்றும் கொண்டால் 6,000 ரூபாய்க்கு 141.60 வரும். உங்கள் சொந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். வீட்டிலிருந்தபடி செய்யும் வேலைதானே என்று அதைச் சுழியமாக வைத்தால், லாபம் வருவதுபோலத் தோன்றும் வகுப்பு உங்கள் வார இறுதிகளைத் தின்றுகொண்டிருக்கும்.

முதல் எண்: திட்டமிடும்போது

ஒருவர் செலுத்தும் 6,000 ரூபாயில் அவருக்காகவே ஆகும் 942 போக 5,058 ரூபாய் மிஞ்சுகிறது. மாறாத செலவுகளை அடைக்க உதவுவது இந்தத் தொகைதான். 47,800ஐ 5,058ஆல் வகுத்தால் 9.45 வருகிறது. அரை ஆள் கிடையாது, ஆகவே 10 பேர் வேண்டும். 10 பேர் சேர்ந்தால் எல்லாச் செலவும் போக 2,780 ரூபாய் மிஞ்சும். 9 பேர் என்றால் 2,278 ரூபாய் நட்டம்.

இந்த 10 என்பது முதல் எண். "இந்த வகுப்பை இந்தக் கட்டணத்தில் இந்த இடத்தில் நடத்தத் திட்டமிடலாமா?" என்ற கேள்விக்கு இது பதில். ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு, விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி அது. 10 பேர் சேர்வார்கள் என்று நம்ப உங்களிடம் காரணம் இல்லையென்றால், அந்த இடத்திலேயே கட்டணத்தையோ இடத்தையோ வகுப்புகளின் எண்ணிக்கையையோ மாற்றுங்கள்.

இங்கே வரியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் கர்நாடகத்தில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தனியார் பயிற்சி வகுப்புகளுக்கு வரி 18 சதவீதம். நீங்கள் பதிவு செய்தவராக இருந்து, வரியும் சேர்த்தே 6,000 வாங்கினால், அதில் 915 ரூபாய் உங்களுடையது அல்ல. மிஞ்சும் தொகை 4,143ஆகக் குறைந்து, முதல் எண் 10இலிருந்து 12ஆக ஏறிவிடும். பல வகுப்புகளை நடத்தி வளர்ந்துவரும் நிறுவனங்கள் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டாம் எண்: முடிவு நாளில்

இப்போது முடிவு நாளுக்கு வருவோம். விளம்பரத்துக்கு 5,000 ரூபாய் செலவாகிவிட்டது. ஹால் உரிமையாளரிடம் கொடுத்த 4,000 ரூபாய் அட்வான்ஸ் திரும்பி வராது. உங்கள் உழைப்பில் 2,000 ரூபாய்க்கான வேலையை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் இரண்டு வகுப்புகளுக்கான ஊதியம் 3,000 ரூபாய் தருவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆக, தொடங்கினாலும் ரத்து செய்தாலும் இந்த 14,000 ரூபாய் போனது போனதுதான்.

எனவே முடிவு நாளன்று பார்க்க வேண்டியது 47,800ஐ அல்ல. வகுப்பை ரத்து செய்தால் எந்தச் செலவெல்லாம் மிச்சமாகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர் ஊதியத்தில் 21,000, ஹால் வாடகையில் 8,800, உங்கள் உழைப்பில் 4,000. மொத்தம் 33,800 ரூபாய்.

மறுபக்கம், ஒவ்வொருவரின் பங்கும் சற்று மாறுகிறது. கேட்வே நிறுவனங்கள் பணத்தைத் திருப்பி அனுப்பும்போது தாங்கள் முதலில் எடுத்த கட்டணத்தைப் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த 142 ரூபாய் போய்விட்டது. அதனால் வகுப்பை நடத்துவதால் ஒருவரிடமிருந்து உங்களுக்குக் கிடைப்பது 6,000இலிருந்து 800 போக 5,200 ரூபாய்.

33,800ஐ 5,200ஆல் வகுத்தால் 6.5. ஆகவே இரண்டாம் எண் 7.

சரிபார்த்துவிடுவோம். 7 பேரை வைத்து நடத்தினால் 12,394 ரூபாய் நட்டம். அதே 7 பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரத்து செய்தால் 14,994 ரூபாய் நட்டம். நடத்துவதுதான் மேல். 6 பேரை வைத்து நடத்தினால் 17,452 ரூபாய் நட்டம். ரத்து செய்தால் 14,852. ரத்து செய்வதுதான் மேல். இரு பக்கமும் வித்தியாசம் 2,600 ரூபாய்தான். ஆனால் முடிவு எதிரெதிராகிறது.

இரண்டு எண்களுக்கும் இடையில்

முடிவு நாளில் 7, 8 அல்லது 9 பேர் இருந்தால் நட்டம் என்று தெரிந்தே வகுப்பைத் தொடங்குகிறோம். ஏற்கெனவே கைவிட்டுப்போன பணத்தில் ஒரு பகுதியையாவது மீட்பதற்காக எடுக்கும் முடிவு அது. இந்த ஒரு பேட்சுக்கு அது சரியான முடிவு. ஆனால் "7 பேர் இருந்தாலே நடத்தலாம்" என்பதை நிலையான விதியாக்கிக்கொண்டால், ஒவ்வொரு பேட்சுக்கும் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை இழந்துகொண்டே இருப்பீர்கள். அடுத்தடுத்து இரண்டு பேட்சுகள் 7க்கும் 10க்கும் இடையில் நின்றால், மூன்றாவதை அதே வடிவத்தில் அறிவிக்காதீர்கள். ஏதாவது ஒன்றை மாற்றுங்கள், அல்லது நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. திரும்ப வராத பணத்தை முன்கூட்டியே அதிகம் கொடுக்கக் கொடுக்க, இரண்டாம் எண் கீழே இறங்கும். கேட்பதற்கு நல்லதுபோல இருந்தாலும், அது நல்லதல்ல. ரத்து செய்ய முடியாத நிலைக்கு உங்களை நீங்களே தள்ளிக்கொள்கிறீர்கள் என்பதே அதன் பொருள். ஹால் வாடகை முழுவதையும் முதலிலேயே கட்டிவிட்டவர், 5 பேரை வைத்துக்கொண்டும் நடத்தத்தான் வேண்டியிருக்கும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஹால் உரிமையாளரிடம் பேசுங்கள். "ஆள் சேராவிட்டால் இந்த அட்வான்ஸை அடுத்த பேட்சுக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு, ஒப்புக்கொண்டால் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 4,000 ரூபாய் காப்பாற்றப்பட்டால், ரத்து செய்வதால் மிச்சமாகும் தொகை 37,800ஆகிறது. இரண்டாம் எண் 8ஆக ஏறுகிறது. ரத்து செய்ய நேர்ந்தால் வரும் நட்டமும் பதினைந்தாயிரத்திலிருந்து பதினோராயிரத்துக்கு இறங்குகிறது. ஒரு தொலைபேசிப் பேச்சில் கிடைக்கும் பாதுகாப்பு இது.

வகுப்பறை கேட்கும் எண்

பணக் கணக்கு 7 என்றாலும், பாடம் நடக்க எத்தனை பேர் வேண்டும் என்பது தனிக் கேள்வி. பேச்சு மொழி வகுப்பில் இருவர் இருவராகப் பேசிப் பழக வேண்டும். ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர். அடுத்த சுற்றில் ஆள் மாற வேண்டும். இதற்கு அறையில் குறைந்தது 4 பேராவது இருந்தாக வேண்டும். வார இறுதி வகுப்புகளில் எல்லோரும் எல்லா நாளும் வருவதில்லை. ஒருவர் ஓசூருக்கோ சேலத்துக்கோ போயிருப்பார், ஒருவருக்கு ஆபீஸில் ரிலீஸ் இருக்கும். மூன்றில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்தால், அறையில் 4 பேர் இருக்க 6 பேர் சேர்ந்திருக்க வேண்டும். பணம் கேட்கும் எண் 7, வகுப்பறை கேட்கும் எண் 6. இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கன்னட வகுப்புக்கு அது 7.

எல்லா வகுப்புக்கும் பெரியது பணத்தின் எண்ணாகவே இருக்காது. சொந்த வீட்டு மாடியில் நீங்களே பாடம் எடுத்தால் செலவு கணிசமாகக் குறைந்து, பணம் 3 பேரைக் கேட்கலாம். அப்போதும் பேச்சுப் பயிற்சிக்கு 6 பேர் வேண்டும். வீணை வகுப்புக்கு இது பொருந்தாது, அங்கே ஒருவர் இருந்தாலும் பாடம் நடக்கும்.

கர்நாடகத்துப் பொறியியல் கல்லூரிகளை இணைத்திருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தன் பாடத்திட்டத்தில் ஒரு விருப்பப் பாடத்தைத் தொடங்கக் குறைந்தது 10 மாணவர்கள் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அதே விதியில் ஒரு விலக்கும் உண்டு. அந்தப் படிப்பில் சேர்ந்தவர்களே 10 பேருக்குக் குறைவு என்றால் இந்த நிபந்தனை பொருந்தாது. இந்த விலக்கு நமக்கும் உதவும். தொடக்கநிலை வகுப்புக்கு வருபவர் வேறிடம் தேடிக்கொள்வார். ஆனால் உங்களிடம் தொடக்கநிலையை முடித்து இரண்டாம் நிலைக்குக் காத்திருப்பவர், உங்கள் பாட வரிசையை நம்பி வந்தவர். தொடர் வகுப்புகளுக்குக் குறைந்த எண்ணை வைத்து, அதனால் வரும் நட்டத்தைத் தொடக்கநிலைக் கட்டணத்திலேயே பகிர்ந்து ஏற்றிவிடுவது முறையானது.

முடிவு நாளைக் குறிப்பது

எண் எவ்வளவு முக்கியமோ, நாளும் நேரமும் அவ்வளவு முக்கியம். முடிவு நாளை மூன்று கெடுக்கள் தீர்மானிக்கின்றன. ஹாலை ரத்து செய்ய உரிமையாளர் தரும் கடைசி நாள், ஆசிரியருக்குச் சொல்ல ஒப்புக்கொண்ட நாள், சேர்ந்தவர்கள் தங்கள் வார இறுதியை மாற்றிக்கொள்ளத் தேவையான நாட்கள். இவற்றில் எது முதலில் வருகிறதோ, அதற்கு முன்பு முடிவெடுத்துவிட வேண்டும்.

பெங்களூருவில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐடி நிறுவனங்கள் பலவற்றில் மாதத்தின் கடைசி வேலைநாளில் சம்பளம் வருகிறது. 25ஆம் தேதி கட்டணம் கேட்டால் "அடுத்த வாரம் போடுகிறேன்" என்பார்கள். அவர்களுக்கு விருப்பம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், கையில் பணம் இல்லை என்பதே காரணமாக இருக்கலாம். ஆகவே வகுப்பை மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் தொடங்குங்கள். முடிவு நாளை அதற்கு முந்தைய திங்கள்கிழமை இரவு 9 மணி என்று வையுங்கள். அந்தத் திங்கள் 3ஆம் தேதிக்கும் 9ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். சம்பளம் வந்திருக்கும், ஒரு வார இறுதி முழுவதும் நினைவூட்டவும் நேரம் இருந்திருக்கும். செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாட்கள் எல்லோருக்கும் மாற்று ஏற்பாட்டுக்குக் கிடைக்கும்.

தசரா, தீபாவளி, கோடை விடுமுறை ஆகியவற்றின் நடுவே 8 வார வகுப்பைத் தொடங்கினால், சேர்ந்தவர்களும் இடையில் ஊருக்குப் போய்விடுவார்கள். மாறாக, நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்தை ஒட்டி ஊரெங்கும் கன்னடக் கொடி பறக்கும்போது மொழி கற்கும் எண்ணம் பலருக்கு வருகிறது. தீபாவளி முன்பே முடிந்துவிடும் ஆண்டுகளில் நவம்பர் இரண்டாம் சனி நல்ல தொடக்கம்.

யாரை எண்ணுவது?

முழுக் கட்டணமும் செலுத்தியவரை மட்டும் எண்ணுங்கள். கூகுள் ஃபார்மில் பெயர் எழுதியவர், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர், "நானும் என் ரூம்மேட்டும் கண்டிப்பாக வருகிறோம்" என்று தொலைபேசியில் சொன்னவர் எவரும் கணக்கில் வரமாட்டார்கள்.

முடிவு நாளுக்குப் பிறகும் சிலர் சேர்வார்கள் என்பது உண்மைதான். அவர்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு உங்கள் சொந்தப் பதிவுதான் சான்று. ஒவ்வொரு பேட்சிலும் தொடக்கத்துக்கு 21, 14, 7, 5 நாட்கள் முன்பு எத்தனை பேர் பணம் கட்டியிருந்தார்கள், இறுதியில் எத்தனை பேர் ஆனார்கள் என்று குறித்து வையுங்கள். மூன்று பேட்சுகள் முடிந்த பின், முடிவு நாளுக்குப் பிறகு சேர்ந்தவர்களின் எண்ணிக்கையில் மிகக் குறைந்ததை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். மூன்றிலும் 1, 3, 2 பேர் சேர்ந்திருந்தால் 1ஐக் கூட்டுங்கள். முதல் பேட்சில் எதையும் கூட்டாதீர்கள்.

தள்ளுபடியிலும் கவனம் தேவை. திங்கள்கிழமை மாலை 5 பேர் இருக்கிறார்கள், 7 ஆக்க வேண்டும் என்று இருவருக்கு 4,000 ரூபாய்க்கு இடம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழுக் கட்டணம் கொடுத்த ஐவரிடமிருந்து 26,000 வருகிறது. தள்ளுபடியில் வந்த இருவரிடமிருந்து அவர்களுக்கான செலவும் கேட்வே கட்டணமும் போக ஆளுக்கு 3,106 வருகிறது. மொத்தம் 32,212. தேவைப்பட்டது 33,800. தலை எண்ணிக்கை 7 ஆகிவிட்டது, தொகை ஆகவில்லை. அதனால் வெவ்வேறு கட்டணம் வாங்கும் பேட்சில் ஆட்களை எண்ணாமல் தொகையை எண்ணுங்கள். முதலில் சேர்ந்தவருக்குத் தான் 2,000 அதிகம் கொடுத்தது முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சலுகை தருவதானால் முன்கூட்டியே சேர்பவருக்குத் தாருங்கள்.

அறிவிப்பில் எழுத வேண்டியவை

குறைந்தபட்ச எண்ணிக்கையை மறைத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. இந்திராநகரின் சிஎம்எச் சாலையில் இயங்கும் மாக்ஸ் முல்லர் பவன் கோத்தே நிலையத்தைச் சேர்ந்தது. போதிய ஆட்கள் சேராவிட்டால் வகுப்பை ரத்து செய்து கட்டணத்தைத் திருப்பித் தரும் உரிமையைக் கோத்தே நிலையம் தன் சேர்க்கை விதிமுறையிலேயே சொல்லிவிடுகிறது. பெரிய நிறுவனத்துக்கே அது தேவைப்படும்போது, சிறிய அளவில் நடத்துபவருக்கு இன்னும் தேவை. உங்கள் அறிவிப்பில் இப்படி எழுதலாம்:

"10 பேர் கட்டணம் செலுத்தியவுடன் வகுப்பு உறுதி. திங்கள் இரவு 9 மணிக்கு 7 பேருக்குக் குறைவாக இருந்தால் வகுப்பு நடக்காது. அப்படி ஆனால் நீங்கள் செலுத்திய முழுத் தொகையும் 7 வேலைநாட்களுக்குள் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். 7க்கும் 10க்கும் இடையில் இருந்தால் அன்றிரவே முடிவைச் சொல்வோம்."

எல்லோரும் மற்றவர் சேரட்டும் என்று காத்திருப்பதால்தான் பல வகுப்புகள் தொடங்காமலே போகின்றன. பணம் திரும்பி வரும் என்ற உறுதி இந்தத் தயக்கத்தைப் பாதி குறைக்கும். மீதிப் பாதிக்கு ஒரு வழி உண்டு. பொருளியல் அறிஞர் அலெக்ஸ் டபரோக் 1998இல் ஒரு கட்டுரையில் இதை முன்வைத்தார். போதிய ஆள் சேராமல் திட்டம் நின்றுபோனால், முன்வந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதோடு சிறு வெகுமதியும் தர வேண்டும். அப்படிச் செய்தால் முன்வருவதில் யாருக்கும் இழப்பு இல்லை என்பது அவருடைய வாதம்.

நம் வகுப்பில் அந்த வெகுமதிக்குத் தனிச் செலவே தேவையில்லை. ரத்து செய்தால் ஆசிரியருக்கு இரண்டு வகுப்புகளுக்கான 3,000 ரூபாய் தரப்போகிறோம். அந்த இரண்டு வகுப்புகளையும், கட்டணம் செலுத்தியிருந்தவர்களுக்கு ஆன்லைனில் இலவசமாக எடுத்துத்தரும்படி அவரிடம் முன்பே பேசி வையுங்கள். வகுப்பு நடக்காவிட்டாலும் சேர்ந்தவருக்கு இரண்டு பாடம் கிடைக்கிறது. அடுத்த பேட்சுக்கு அவர்களே முதல் ஆட்களாக வருவார்கள்.

திங்கள் இரவு 9 மணி

வசூலான கட்டணத்தை அதுவரை தொடாமல் தனிக் கணக்கில் வைத்திருங்கள். 6 பேரோடு ரத்து செய்ய நேர்ந்தால் 36,000 ரூபாய் உடனே திருப்ப வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கிவிட்டவர்களுக்குத்தான் "இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம்" என்ற எண்ணம் வருகிறது. கேட்வே பிடித்துக்கொண்ட 142 ரூபாயை மாணவரிடம் கழிக்காதீர்கள். முடிவு உங்களுடையது, அதன் செலவும் உங்களுடையதுதான்.

எண்ணுங்கள். எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். 9.15க்குள் செய்தியை அனுப்புங்கள். ரத்து என்றால் இப்படி:

"வணக்கம். கன்னட வகுப்புக்கு இதுவரை 5 பேர் சேர்ந்திருக்கிறீர்கள். குறைந்தது 7 பேர் தேவை என்று சொல்லியிருந்ததால், இந்த பேட்ச் நடக்காது. உங்கள் 6,000 ரூபாயைத் திருப்பி அனுப்பும் வேலையை இன்றிரவே தொடங்கிவிட்டோம். வரும் சனி, ஞாயிறு காலை 10 மணிக்கு உங்களுக்காக இரண்டு இலவச ஆன்லைன் வகுப்புகள் உண்டு. அடுத்த பேட்ச் தேதியை முடிவானதும் முதலில் உங்களுக்குச் சொல்வோம்."

இந்தச் செய்தியில் வருத்தம் தெரிவிக்கும் நீண்ட பத்தி வேண்டாம். எண், காரணம், பணம் எப்போது வரும், அடுத்து என்ன என்ற நான்கும் இருந்தால் போதும். செய்தி போனவுடன் ஆசிரியரையும் ஹால் உரிமையாளரையும் நேரடியாகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப் செய்தி போதாது.

ஒத்திவைக்கலாமா என்ற கேள்வி இந்த நேரத்தில் எழும். ஒரு முறை ஒத்திவைக்கலாம், அதுவும் புதிய தொடக்க நாளையும் புதிய முடிவு நாளையும் அதே செய்தியில் குறிப்பிட்டு, விரும்புபவருக்குப் பணத்தை உடனே திருப்பித் தந்த பிறகு. இரண்டாம் முறை ஒத்திவைத்தால், ஏற்கெனவே சேர்ந்தவர்களே விலகத் தொடங்குவார்கள். எண்ணிக்கை கூடாது, குறையும்.

விளம்பரத்துக்கு முன்பு எழுதி வைக்க வேண்டியவை

1. மாறாத செலவு எவ்வளவு, அதில் ரத்து செய்தாலும் திரும்பாதது எவ்வளவு?
2. ஒருவர் சேர்ந்தால் அவருக்கான செலவு போக மிஞ்சுவது எவ்வளவு?
3. முதல் எண் என்ன, இரண்டாம் எண் என்ன, வகுப்பறை கேட்கும் எண் என்ன?
4. முடிவு நாளும் நேரமும் எப்போது?
5. பணம் எந்தக் கணக்கில் இருக்கும், எத்தனை நாளில் திரும்பும்?
6. ரத்து செய்தால் ஆசிரியருக்கு என்ன, சேர்ந்தவர்களுக்கு என்ன?

இந்த ஆறுக்கும் பதில் ஒரே தாளில் அடங்கும். அந்தத் தாளில் உங்களோடு வேலை செய்பவர் ஒருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். முடிவு நாளன்று எண்ணை மாற்ற வேண்டும் என்று தோன்றினால், அவரும் ஒப்புக்கொண்டால்தான் மாற்றலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்யும் செலவைத் தாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லாமல், அதாவது நம் கணக்கில் சுமார் பதினைந்தாயிரம் ரூபாய் இல்லாமல், எந்த பேட்சையும் அறிவிக்காதீர்கள். சொன்ன எண்ணில், சொன்ன நாளில் ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தவரை மக்கள் மீண்டும் நம்புவார்கள்.